‘ஆ... அம்...’: எந்தத் தயக்கத்துக்கு மார்க் போகும்?

ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் யாரிடமாவது பேச்சுத் தேர்வைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். “‘ஆ’, ‘அம்’ எல்லாம் வாயிலிருந்து வரவே கூடாதாம், வந்தால் மார்க் போய்விடுமாம்” என்று பத்தில் எட்டுப் பேராவது சொல்வார்கள். அந்தப் பயத்தோடுதான் தேர்வறைக்குள் நுழைகிறார்கள். பிரிட்டனில் செவிலியராகப் பதிவுசெய்ய விரும்புபவர் ஐஇஎல்டிஎஸ் வழியைத் தேர்ந்தெடுத்தால், எழுத்துத் தேர்வில் 6.5 போதும்; பேச்சில் 7 வேண்டும். அரை பேண்ட் குறைந்தால் மறுபடி பணம் கட்டி மறுபடி எழுத வேண்டியிருக்கும். அதனால் இந்தப் பயம் புரிந்துகொள்ளக்கூடியதுதான்.

ஆனால் அந்த அறிவுரை பாதிதான் சரி. தேர்வாளர் ‘அம்’களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. ஒரு ‘அம்’முக்கு இத்தனை மார்க் குறைப்பு என்ற விதியும் கிடையாது. பார்க்கப்படுவது வேறு: நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எதைத் தேடி நிற்கிறீர்கள் என்பது. இந்த இரண்டையும் புரிந்துகொண்டால், எந்தத் தயக்கத்தை விட்டுவிடலாம், எதைத் திருத்த வேண்டும் என்று நீங்களே பிரித்துப் பார்த்துவிடலாம்.

தடுமாறாமல் பேசுபவர் யார்?

முன்கூட்டி எழுதிவைக்காமல் பேசும்போது யாருக்கும் பேச்சு அச்சிட்ட வரி மாதிரி வருவதில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் இயல்பான உரையாடல்களை ஆராய்ந்தவர்கள், 100 சொற்களுக்குச் சுமார் 6 இடத்தில் ஏதோ ஒரு தடுமாற்றம் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ‘அம்’ என்ற இழுப்பு, ஒரே சொல்லை இருமுறை சொல்வது, ஆரம்பித்ததை விட்டுவிட்டு வேறு மாதிரி ஆரம்பிப்பது எல்லாம் அந்த ஆறில் அடக்கம்.

அந்த ஒலிகள் வெறும் குப்பையும் அல்ல. ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்ற இரு உளவியலாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. ஆங்கிலத்தில் ‘அ’ என்று இழுத்தால் சிறு தாமதம் வரப்போகிறது, ‘அம்’ என்று இழுத்தால் கொஞ்சம் நீண்ட தாமதம் வரப்போகிறது என்று பேசுபவர் கேட்பவருக்குச் சொல்லிவிடுகிறார் என்பது அவர்கள் வாதம். “நான் இன்னும் முடிக்கவில்லை, கொஞ்சம் பொறுங்கள்” என்ற சேதி அது. கேட்பவரும் அதைப் பயன்படுத்திக்கொள்கிறார். ‘அ’ என்ற இழுப்புக்குப் பிறகு புதிதாக ஏதோ வரப்போகிறது என்று அவர் காதைத் தீட்டிக்கொள்வதைப் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைகளிடம்கூட இதைப் பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே ஒரு தயக்கமும் இல்லாமல் கொட்டும் பேச்சு தேர்வாளரைக் கவர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அது மனப்பாடம் செய்ததோ என்ற சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

தேர்வாளரின் அட்டவணை என்ன சொல்கிறது?

ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம் நடக்கும். முதல் பகுதியில் ஊர், வேலை, படிப்பு, பொழுதுபோக்கு என்று தெரிந்த விஷயங்களைக் கேட்பார்கள். இரண்டாம் பகுதியில் ஒரு தலைப்பட்டையைக் கொடுத்து, குறிப்பெடுக்க ஒரு நிமிடம் தருவார்கள். பிறகு ஒன்று முதல் இரண்டு நிமிடம் நீங்களே பேச வேண்டும். மூன்றாம் பகுதியில் அதே தலைப்பை ஒட்டிக் கொஞ்சம் ஆழமான கேள்விகள் வரும்.

மார்க் நான்கு கூறுகளாகப் பிரிந்து வருகிறது: சரளமும் கோவையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம மதிப்பு. தயக்கம் முக்கியமாக முதல் கூறில்தான் கணக்கில் வருகிறது. உதாரணமாக ஒருவர் சொல்வளத்தில் 7, இலக்கணத்தில் 6, உச்சரிப்பில் 6 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சரளத்தில் 5 வாங்கினால் கூட்டுத்தொகை 24, நான்கால் வகுத்தால் 6. அதே சரளத்தில் 7 வாங்கியிருந்தால் 26, அதாவது 6.5. மற்ற மூன்றும் அப்படியே இருக்க, சரளம் மட்டும் அரை பேண்டைத் தூக்குகிறது.

இந்த ஒவ்வொரு பேண்டுக்கும் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்ற அட்டவணையைத் தேர்வு நடத்துபவர்களே பொதுவில் வெளியிட்டிருக்கிறார்கள். சரளம் என்ற பத்தியை மேலிருந்து கீழே படித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். உச்சமான 9-ஆம் பேண்டிலேயே தயக்கத்துக்கு இடம் இருக்கிறது! அந்தத் தயக்கம் அடுத்து என்ன சொல்வது என்று யோசிப்பதற்காக மட்டும் இருக்க வேண்டும், சொல்லையோ இலக்கணத்தையோ தேடுவதற்காக இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. எட்டில், எப்போதாவது சொல்லைத் தேடி நின்றால் பரவாயில்லை. ஏழில், வாக்கியத்தின் நடுவே நின்று தேடுவது வரலாம்; ஆனால் சிரமம் வெளியே தெரியாமல் நீளமாகப் பேச முடிய வேண்டும், சொல்வதன் கோவையும் குலையக் கூடாது. ஆறில், தயக்கத்தால் கோவை சில இடங்களில் அறுந்துபோகிறது. ஐந்தில், சாதாரணச் சொல்லுக்கும் சாதாரண இலக்கணத்துக்கும்கூட வாக்கியத்தின் நடுவே நின்று தேட வேண்டியிருக்கிறது. நான்கில், நிறுத்தம் இல்லாமல் தொடரவே முடிவதில்லை.

இதன் பின்னணியில் மொழியியலில் நன்கு அறியப்பட்ட ஒரு கருத்து இருக்கிறது. வில்லெம் லெவெல்ட் என்ற டச்சு உளவியலாளர் 1989-இல் எழுதிய நூலில், பேச்சு மூன்று கட்டமாக உருவாவதாக விளக்கினார். முதலில் என்ன சொல்வது என்று மனம் முடிவு செய்கிறது. பிறகு அதற்குரிய சொல்லையும் இலக்கணத்தையும் பொறுக்குகிறது. கடைசியில் வாய் அதை ஒலிக்கிறது. தாய்மொழியில் இரண்டாம் கட்டம் தன்னால் நடந்துவிடுகிறது. யோசிப்பது முதல் கட்டத்துக்குத்தான். பழகாத மொழியில் இரண்டாம் கட்டமும் கவனத்தைக் கேட்கிறது. முதல் கட்டத் தயக்கம் பெரும்பாலும் ஒரு கருத்து முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வரும். இரண்டாம் கட்டத் தயக்கம் ஒரு கருத்தின் நடுவே, தேவையான சொல்லுக்குச் சற்று முன்னால் வரும். தாய்மொழியினரின் நிறுத்தங்களையும் கற்பவர்களின் நிறுத்தங்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் கண்ட முக்கிய வேறுபாடும் இதுவே.

பேருந்து நிறுத்தத்தில் நின்றால் பயணி யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நடுவழியில் நின்றால்தான் எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள்.

ஒரே செய்தி, இரண்டு பதில்

“உங்களுக்கு உதவிய ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று தலைப்பட்டை வந்திருக்கிறது. இருவர் பதில் சொல்கிறார்கள். எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்த பதில்கள் இவை. முதலாமவர்:

“மை ஆன்ட்... ஆ... ஷீ ஹெல்ப்... ஷீ ஹெல்ப்ட் மீ டு... ஆ... டு ஜாயின் இன் த... ஆ... நர்சிங் காலேஜ்.”

இரண்டாமவர்:

“வெல்... ஐ திங்க் இட் வுட் பி மை ஆன்ட். அம்... ஷீ ஹெல்ப்ட் மீ கெட் இன்டு நர்சிங் காலேஜ், ஆக்சுவலி, பிகாஸ் மை ஃபாதர் வாஸ்... ஹி வாஸ் நாட் வெரி ஹேப்பி அபௌட் இட்.”

நிரப்பு ஒலிகளை மட்டும் எண்ணினால் இருவருக்கும் மூன்று மூன்றுதான். முதலாமவரிடம் மூன்று ‘ஆ’. இரண்டாமவரிடம் ஒரு ‘வெல்’, ஒரு ‘அம்’, ஒரு ‘ஆக்சுவலி’. இரண்டாமவரும் ஓரிடத்தில் தொடங்கியதை மறுபடி தொடங்கியிருக்கிறார். ஆனாலும் கேட்கும்போது முதலாமவர் திணறுவதாகவும் இரண்டாமவர் யோசித்துப் பேசுவதாகவும் தோன்றுகிறது.

முதலாமவர் நின்ற இடங்களைப் பாருங்கள். ‘மை ஆன்ட்’ என்ற எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் ஒரு ‘ஆ’. ‘டு’ என்று சொல்லிவிட்டு வினைச்சொல்லைத் தேடி ஒரு ‘ஆ’, பிறகு அந்த ‘டு’வையே மறுபடி எடுக்கிறார். ‘த’ என்று சொல்லிவிட்டுப் பெயர்ச்சொல்லைத் தேடி இன்னொரு ‘ஆ’. இதற்கிடையில் ‘ஹெல்ப்’பை ‘ஹெல்ப்ட்’ ஆக்க ஒரு திருத்தம். சேர்ந்தே வர வேண்டிய சொற்களைப் பிரித்துக்கொண்டு ஒவ்வொரு நிறுத்தமும் வந்திருக்கிறது. தேடியதும் ‘ஜாயின்’, ‘நர்சிங் காலேஜ்’ போன்ற எளிய சொற்களை. ஐந்தாம் பேண்டின் விவரிப்பு இதுதான்.

இரண்டாமவரின் ‘வெல்’ பதில் தொடங்கும் இடத்தில் வருகிறது. யாரைப் பற்றிச் சொல்வது என்று யோசிக்க ஒரு நொடி கிடைக்கிறது. ‘அம்’ ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில். ‘ஆக்சுவலி’, அடுத்து எதிர்பாராத ஒன்று வரப்போகிறது என்று காட்டுகிறது. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்ற தகவல் உடனே வந்தும்விடுகிறது. ‘மை ஃபாதர் வாஸ்’ என்ற இடத்தில் மட்டும்தான் நடுவே ஒரு தடுக்கல். அதையும் ‘ஹி வாஸ்’ என்று எழுவாயிலிருந்தே எடுத்துச் சரிசெய்துவிட்டார். தாய்மொழியில் பேசுபவரும் செய்வது இதுவே. இந்த ஒரு துண்டை வைத்து மட்டும் யாருக்கும் பேண்ட் போட மாட்டார்கள். தேர்வு முழுவதிலும் எது அதிகம் என்றுதான் பார்ப்பார்கள்.

‘அது வந்து’ செய்யும் வேலை

தமிழர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் பேச்சுத் தமிழில் ‘வந்து’ எங்கே வருகிறது என்று கவனியுங்கள். “எங்க அத்தை வந்து... டீச்சரா இருந்தாங்க.” “நான் வந்து... நாளைக்கு ஊருக்குப் போறேன்.” எழுவாயைச் சொல்லிவிட்டு, அங்கே ஒரு ‘வந்து’ போட்டு மூச்சு வாங்கிவிட்டு மீதியைச் சொல்கிறோம். தமிழில் அது துளியும் உறுத்தாது. தமிழில் வினை கடைசியில்தான் வரும் என்பதால், எழுவாயைச் சொல்லிவிட்டு நிற்பதற்கு நேரமும் இடமும் இருக்கிறது.

ஆங்கிலத்தில் எழுவாய்க்கு அடுத்ததே வினை. தமிழில் ‘வந்து’ போடும் அதே இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஆ’ போட்டால், அது எழுவாயையும் வினையையும் வெட்டிவிடும். நின்று திரும்புவதற்குள் எழுவாயை மறந்துபோய் ‘மை ஆன்ட், ஷீ’ என்று இரண்டு எழுவாய் வைத்துவிடுகிறோம். முதலாமவரின் முதல் ‘ஆ’ இந்த வகைதான். அவருக்கு அங்கே தேட எந்தச் சொல்லும் இருந்திருக்காது, வெறும் பழக்கம். ஆனால் தேர்வாளர் காதில் அதுவும் சொல் தேடும் நிறுத்தம் போலவே விழும்.

இதற்கு வழி எளிது. நிற்பதை எழுவாய்க்கு முன்னால் தள்ளிவிடுங்கள். வாயைத் திறக்கும் முன் நில்லுங்கள்; திறந்தபின் எழுவாயும் வினையும் ஒரே மூச்சில் வரட்டும். “அம்... மை ஆன்ட் வாஸ் எ டீச்சர்.” நின்ற நேரம் அதேதான், நின்ற இடம் மட்டும் மாறுகிறது.

அளவுக்கு மிஞ்சினால்

‘ஆ’வைத் தவிர்க்க வேண்டும் என்று வேறு சொற்களைப் பிடித்துக்கொள்பவர்களும் உண்டு. ‘ஆக்சுவலி’, ‘பேசிக்கலி’, ‘யூ நோ’, ‘லைக்’. இவை ஒவ்வொன்றும் இயல்பான ஆங்கிலமே. ஆனால் ‘ஆக்சுவலி’ என்றால் பின்னால் எதிர்பாராத ஒன்றோ ஒரு திருத்தமோ வர வேண்டும். “ஆக்சுவலி ஐ ஆம் ஃப்ரம் மதுரை. ஆக்சுவலி ஐ ஆம் எ ஸ்டூடன்ட்” என்றால் அது எந்த வேலையும் செய்யவில்லை. சில இணைப்புச் சொற்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது ஐந்தாம் பேண்டின் அடையாளங்களில் ஒன்றாக அட்டவணையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ‘மோர்ஓவர்’, ‘ஃபர்தர்மோர்’ போன்றவை கட்டுரைச் சொற்கள். பேச்சில் அவை மிடுக்காகத் தெரியாது, விறைப்பாகத்தான் தெரியும்.

இன்னொன்று, பயிற்சி வகுப்புகளில் மனப்பாடம் செய்விக்கும் தொடக்கங்கள். “தட்ஸ் எ வெரி இன்ட்ரஸ்டிங் கொஸ்டின், லெட் மீ திங்க் அபௌட் இட் ஃபார் எ மொமன்ட்.” முதியோரைக் கவனிப்பது குடும்பத்தின் கடமையா, அரசின் கடமையா என்று மூன்றாம் பகுதியில் கேட்டால் இது பொருந்தும்; அந்தக் கேள்விக்கு யாரும் யோசிப்பார்கள். “நீங்கள் எந்த ஊரில் வசிக்கிறீர்கள்?” என்ற முதல் பகுதிக் கேள்விக்கு இதைச் சொன்னால் வேடிக்கையாகிவிடும். தன் ஊர்ப் பெயரைச் சொல்ல யாருக்கும் யோசனை தேவையில்லை. அதனால் முதல் பகுதியில் வரும் நீண்ட தயக்கம் எதுவானாலும் மொழித் தேடலாகவே படும். மூன்றாம் பகுதியில் இரண்டு நொடி மௌனமாக இருந்துவிட்டுப் பேசினால், அது கருத்துக்காகச் செய்த யோசனையாகப் படும்.

ஒலியே இல்லாத நிறுத்தத்துக்கும் இதே கணக்குதான். வாக்கியம் முடிந்த இடத்தில் ஒரு நொடி அமைதி குறையல்ல. அதற்குப் பயந்து மூச்சுவிடாமல் வேகமாகப் பேசுபவர்கள் நான்கு வாக்கியம் ஓடிவிட்டு ஐந்தாவதில் நடுவே சிக்கிக்கொள்கிறார்கள்.

கைபேசியும் சிவப்புப் பேனாவும்

இதைத் திருத்த ஒரு பயிற்சி போதும். ஏதாவது ஒரு தலைப்பில் இரண்டு நிமிடம் பேசிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். பிறகு அதைக் கேட்டு, ‘ஆ’, ‘அம்’, திரும்பச் சொன்னவை எதையும் விடாமல் எழுதுங்கள். அமைதியாக நின்ற இடங்களில் ஒரு கோடு போடுங்கள். வாக்கியமோ வாக்கியத்தின் ஒரு முழுப் பகுதியோ முடிந்த இடத்தில் வந்த நிறுத்தங்களை அப்படியே விட்டுவிடுங்கள். நடுவே வந்தவற்றைச் சிவப்பால் வட்டமிடுங்கள்.

இப்போது ஒவ்வொரு சிவப்பு வட்டத்திலும் கேளுங்கள்: இங்கே எதைத் தேடினேன்? பதில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, பெயர்ச்சொல் கிடைக்கவில்லை. அதற்குத் தேடிக்கொண்டு நிற்காமல் சுற்றிச் சொல்லப் பழகுங்கள். ‘டிஸ்பென்சரி’ வாயில் வரவில்லையென்றால் ‘த ரூம் வேர் தே கிவ் யூ மெடிசின்ஸ்’ என்று சொல்லிவிட்டு நகரலாம். இப்படி வேறு சொற்களால் சொல்லத் தெரிவது சொல்வளக் கூறில் உங்களுக்குச் சாதகமாகவே போகும்.

இரண்டு, வினையின் காலமோ முன்னிடைச் சொல்லோ சரியா என்ற சந்தேகம். இது பொருளைக் கெடுக்காத சிறு பிழை என்றால் திரும்பிப் போகாதீர்கள். ஒரு ‘எஸ்’ விட்டுப்போனதற்காக மூன்று சொல்லைத் திரும்பச் சொன்னால் இலக்கணத்தில் கிடைப்பதைவிடச் சரளத்தில் இழப்பது அதிகமாகலாம். ‘லாஸ்ட் இயர்’ என்பதற்கு ‘நெக்ஸ்ட் இயர்’ என்று சொல்லிவிட்டால் பொருளே மாறிவிடும். அதை மட்டும் ஒரே தடவை திருத்திவிட்டு மேலே போங்கள்.

மூன்று, தேட எதுவுமே இல்லை, ‘வந்து’ பழக்கம். அதை எழுவாய்க்கு முன்னால் தள்ளிவிடுங்கள்.

அடுத்து, அதே தலைப்பில் மறுபடி பேசுங்கள், பிறகு இன்னொரு தடவையும் பேசுங்கள். மொழி கற்பித்தலில் ‘4/3/2’ என்று பெயர்பெற்ற பயிற்சி ஒன்று உண்டு. ஒரே விஷயத்தை முதலில் நான்கு நிமிடம், பிறகு வேறொருவரிடம் மூன்று நிமிடம், பிறகு இன்னொருவரிடம் இரண்டு நிமிடம் சொல்வது. என்ன சொல்வது என்பது தீர்ந்துவிட்டதால் மனம் முழுவதையும் எப்படிச் சொல்வது என்பதற்குக் கொடுக்க முடிகிறது. நடுவே வரும் நிறுத்தங்கள் குறைகின்றன. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. முதல் தடவை செய்த பிழைகளும் அப்படியே திரும்பத் திரும்ப வந்து ஊறிவிடலாம். அதனால் முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவில் சிவப்பு வட்டங்களைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். பேசியதை வரிக்கு வரி நெட்டுருப் போடவும் வேண்டாம். தேர்வில் அதே தலைப்பு வரப்போவதில்லை; நெட்டுருப் போட்ட பேச்சை அடையாளம் காணத் தேர்வாளர்களுக்குப் பயிற்சி உண்டு.

தேர்வு நாளில் பதற்றம் கூடும், தயக்கமும் கூடும். இரண்டாம் பகுதியில் கிடைக்கும் ஒரு நிமிடத்தில் முழு வாக்கியங்களை எழுதாதீர்கள். சொல்லப்போகும் நான்கைந்து செய்திகளை ஒவ்வொரு சொல்லாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு செய்தி முடிந்ததும் தாளைப் பாருங்கள், அங்கே நில்லுங்கள், வேண்டுமானால் ‘அம்’ என்றும் சொல்லுங்கள். அதற்கு யாரும் மார்க் குறைக்கப் போவதில்லை. அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிவிட்டால் மட்டும், வினை வரும்வரை நிற்காதீர்கள்.